உங்களுக்குத் தெரியுமா? மூன்று வட்டம், எட்டு அறை, ஒரு ரத்த தான முகாம்

மூன்று வட்டங்கள் போட்டு, "எத்தனை பேர்?" என்று கேட்கும் வென்படக் கணக்கை ஒன்பதாம் வகுப்பிலும் பார்க்கிறோம், போட்டித் தேர்விலும் பார்க்கிறோம். அதில் தவறு பெரும்பாலும் ஓரிடத்தில்தான் நடக்கிறது: கொடுத்த எண்ணை அதற்குரிய அறையில் எழுதாமல் பக்கத்து அறையில் எழுதிவிடுகிறோம். எந்த எண் எந்த அறைக்குச் சொந்தம் என்று பார்க்க, நம் எல்லோருடைய ரத்தத்திலும் ஓடுகிற ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம்.

வென் தன் படத்துக்குத் தன் பெயரை வைக்கவில்லை

கேம்பிரிட்ஜில் தர்க்கவியல் கற்பித்த ஜான் வென் இந்தப் படங்களை 1880இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். அடுத்த ஆண்டே அது பற்றி விரிவாக ஒரு நூலும் எழுதினார். ஆனால் அவர் இவற்றை 'ஆய்லர் வட்டங்கள்' என்றுதான் குறிப்பிட்டார். அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே கணித மேதை ஆய்லர், ஜெர்மானிய இளவரசி ஒருவருக்கு எழுதிய கடிதங்களில் வட்டங்களை வைத்துத் தர்க்கத்தை விளக்கியிருந்தார். 'வென்படம்' என்ற பெயரை 1918இல் அமெரிக்கத் தத்துவ அறிஞர் சி. ஐ. லூயிஸ் தன் நூலில் பயன்படுத்தினார்.

இரண்டு பேரின் படங்களுக்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. ஆய்லர் உள்ளதை உள்ளபடி வரைந்தார். இரண்டு கூட்டங்களுக்குப் பொதுவாக யாரும் இல்லையென்றால் வட்டங்களைத் தள்ளித் தள்ளிப் போட்டார். வென் முதலில் எல்லா வட்டங்களையும் ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி வரைந்துவிடுவார். எந்த அறையில் யாரும் இல்லையோ அதைக் கறுப்பாகத் தீட்டுவார். ஆகவே வென்படத்தில் இரண்டு வட்டங்கள் வெட்டிக்கொள்கின்றன என்பதாலேயே அந்த இடத்தில் ஆள் இருப்பதாக அர்த்தமில்லை. அங்கே வரக்கூடிய விடை பூஜ்யமாகவும் இருக்கலாம்.

மூன்று வட்டத்தில் அறைகள் ஏழு அல்ல, எட்டு

படத்தைப் பார்த்து அறைகளை எண்ணச் சொன்னால் பலரும் ஏழு என்பார்கள். நடுவில் ஒன்று, அதைச் சுற்றி, இரண்டு வட்டங்களுக்கு மட்டும் பொதுவான மூன்று, ஓரங்களில், ஒரே வட்டத்துக்குச் சொந்தமான மூன்று. எட்டாவது அறை வட்டங்களுக்கு வெளியே இருக்கிறது.

ஏன் எட்டு என்பதற்குக் காரணம் எளிது. ஒவ்வோர் ஆளும் ஒவ்வொரு வட்டத்துக்கும் "உள்ளே" அல்லது "வெளியே" என்று இரண்டில் ஒரு பதில் சொல்லியாக வேண்டும். மூன்று வட்டத்துக்கு 2 × 2 × 2 = 8 விதமான பதில்கள். மூன்றுக்கும் "வெளியே" என்று சொன்னவருடைய வீடுதான் எட்டாவது அறை.

இனி நடுவில் இருப்பதை 'நடு அறை' என்றும், இரண்டுக்கு மட்டும் பொதுவானவற்றை 'ஜோடி அறை' என்றும், ஒன்றுக்கு மட்டும் சொந்தமானவற்றைத் 'தனி அறை' என்றும், மீதியை 'வெளி அறை' என்றும் சொல்வோம்.

ரத்த குரூப்பும் எட்டுதான், அது தற்செயல் இல்லை

ரத்த வங்கியில் குரூப் பார்க்கும்போது உங்கள் ரத்தத்தை மூன்று சொட்டுகளாக வைத்து மூன்று மருந்துகளோடு கலக்கிறார்கள். நீல நிறத்தில் இருப்பது ஆன்டி-ஏ, மஞ்சள் நிறத்தில் இருப்பது ஆன்டி-பி, நிறமில்லாதது ஆன்டி-டி. சிவப்பணுவின் மேற்பரப்பில் அந்தந்த ஆன்டிஜென் இருந்தால் சொட்டு திரிந்ததுபோலக் கட்டி கட்டியாகும். இல்லையென்றால் அப்படியே இருக்கும்.

மூன்று சோதனை, ஒவ்வொன்றுக்கும் "உண்டு" அல்லது "இல்லை". இதுவே மூன்று வட்டங்கள். ஏ, பி, டி மூன்றும் இருந்தால் நடு அறை. அதற்குப் பெயர் ஏபி பாசிட்டிவ். ஏ, பி இருந்து டி இல்லையென்றால் ஏபி நெகட்டிவ். அது ஒரு ஜோடி அறை. ஏ, டி மட்டும் என்றால் ஏ பாசிட்டிவ். பி, டி மட்டும் என்றால் பி பாசிட்டிவ். தனி அறைகளில் ஏ நெகட்டிவ், பி நெகட்டிவ், ஓ பாசிட்டிவ். மூன்று சொட்டும் கட்டியாகாமல் இருந்தால் வெளி அறை. அதுதான் ஓ நெகட்டிவ்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று: ஓ பாசிட்டிவ் என்பது "ஒன்றும் இல்லாத" வகை அல்ல. அது டி வட்டத்துக்குள் இருக்கிறது.

நடுவில் இருந்த அறையை ஓராண்டு தாமதமாகத்தான் கண்டார்கள்

வியன்னாவில் கார்ல் லேண்ட்ஸ்டெய்னர் 1901இல் ரத்த வகைகளை அறிவித்தபோது மூன்று வகைகளைத்தான் சொன்னார். ஏ, பி என்ற இரண்டு வட்டங்கள் போட்டால் நான்கு அறைகள் வர வேண்டும். இரண்டுக்கும் பொதுவான அறை அவர் பட்டியலில் இல்லை. அவருடைய சோதனைக்கு வந்தவர்கள் சிலரே. ஏபி வகையினரோ எண்ணிக்கையில் குறைவு. 1902இல் டெகாஸ்டெல்லோ, ஸ்டுர்லி என்ற இருவர் கூடுதலான ஆட்களைச் சோதித்தபோது அந்த நான்காவது வகையும் அகப்பட்டது.

1940இல் லேண்ட்ஸ்டெய்னரும் அலெக்சாண்டர் வீனரும் ஆர்ஹெச் காரணியை வெளியிட்டார்கள். அதுதான் நம் டி. மூன்றாவது வட்டமாக அது வந்தவுடன் பழைய அறை ஒவ்வொன்றும் இரண்டாகப் பிளந்தது. நான்கு எட்டானது.

இதோ நம் கணக்கு

கணக்குக்காக ஒரு முகாமைக் கற்பனை செய்வோம். 200 பேர் ரத்தம் கொடுத்தார்கள். முடிவில் கிடைத்த விவரம் இது:

ஏ உள்ளவர்கள் 60
பி உள்ளவர்கள் 80
டி உள்ளவர்கள் 188
ஏ, பி இரண்டும் உள்ளவர்கள் 16
ஏ, டி இரண்டும் உள்ளவர்கள் 57
பி, டி இரண்டும் உள்ளவர்கள் 75
மூன்றும் உள்ளவர்கள் 15

கேள்வி: ஓ நெகட்டிவ் எத்தனை பேர்?

இந்த ஏழு எண்களில் ஒரே ஓர் எண்தான் ஓர் அறையை நேராகச் சொல்கிறது. அது கடைசியில் உள்ள 15. மற்ற ஆறும் பல அறைகளின் கூட்டுத்தொகைகள். "ஏ உள்ளவர்கள் 60" என்பது ஏ வட்டத்துக்குள் இருக்கும் நான்கு அறைகளும் சேர்ந்தது. "ஏ, பி இரண்டும் 16" என்பது இரண்டு அறைகள் சேர்ந்தது. அதில் நடு அறையும் அடக்கம்.

நிரப்புவது நடுவிலிருந்து வெளியே

நடு அறையில் 15 எழுதுங்கள். அடுத்து ஜோடி அறைகள். ஏ, பி இரண்டும் உள்ள 16 பேரில் 15 பேர் ஏற்கெனவே நடுவில் இருக்கிறார்கள். ஆக ஏபி நெகட்டிவ் அறையில் 1. அதேபோல ஏ பாசிட்டிவ் 57 − 15 = 42. பி பாசிட்டிவ் 75 − 15 = 60.

பிறகு தனி அறைகள். ஏ வட்டத்தில் மொத்தம் 60. அதில் 15, 1, 42 போனால் மீதி 2 பேர் ஏ நெகட்டிவ். பி வட்டத்தில் 80. அதில் 15, 1, 60 போனால் 4 பேர் பி நெகட்டிவ். டி வட்டத்தில் 188; அதில் 15, 42, 60 போனால் 71 பேர் ஓ பாசிட்டிவ்.

ஏழு அறைகளையும் கூட்டுங்கள்: 15 + 1 + 42 + 60 + 2 + 4 + 71 = 195. இருநூறில் மீதி 5. விடை: ஓ நெகட்டிவ் 5 பேர்.

சரிபார்க்க இன்னொரு வழியும் இருக்கிறது. டி இல்லாதவர்கள் 200 − 188 = 12 பேர்தான் இருக்க முடியும். நம் நெகட்டிவ் அறைகளைக் கூட்டினால் 1 + 2 + 4 + 5 = 12. பொருந்துகிறது.

மைனஸ் எண் வந்தால் அது எச்சரிக்கை மணி

16, 57, 75 ஆகிய எண்களை ஜோடி அறைகளில் அப்படியே எழுதிவிட்டால் என்ன ஆகும்? ஏ வட்டத்தின் தனி அறைக்கு 60 − 15 − 16 − 57 = −28 வரும். ரத்தம் கொடுத்தவர் மைனஸ் 28 பேர் இருக்க முடியாது. பி பக்கமும் −26 வரும். உடனே திரும்பிப் பார்க்கலாம்.

ஆனால் டி பக்கத்தைப் பாருங்கள்: 188 − 15 − 57 − 75 = 41. இதுவும் தவறான விடைதான். ஆனாலும் பார்வைக்குச் சரியாகத் தெரிகிறது. வட்டம் பெரிதாக இருந்தால் தவறு மைனஸாக வெளியே தெரியாமல் உள்ளேயே ஒளிந்துகொள்ளும். அதனால் மைனஸ் வரவில்லை என்பதை மட்டும் நம்பக் கூடாது. நிரப்பி முடித்தபின் ஒவ்வொரு வட்டத்தின் நான்கு அறைகளையும் மறுபடி கூட்டி, கொடுத்த எண் வருகிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

கேள்வியில் "ஏ, பி மட்டும் உள்ளவர்கள் 1" என்று கொடுத்திருந்தால் கழிக்கவே கூடாது. அது நேராக ஜோடி அறைக்குரிய எண். "மட்டும்" இருக்கிறதா என்று ஏழு வரிகளிலும் தேடிப் பார்த்துவிட்டுப் பேனாவை எடுப்பது நல்லது.

கூட்டு, கழி, மறுபடி கூட்டு

படம் போடாமலும் 195 என்ற எண்ணுக்கு வரலாம். பாடப்புத்தகச் சூத்திரம் இதுதான்:

n(A∪B∪D) = n(A) + n(B) + n(D) − n(A∩B) − n(A∩D) − n(B∩D) + n(A∩B∩D)

எண்களைப் போட்டால் 60 + 80 + 188 = 328. அதில் 16 + 57 + 75 = 148 போனால் 180. கடைசியில் 15 கூட்டினால் 195.

கழித்தபின் ஏன் மறுபடி கூட்டுகிறோம்? நடு அறையில் உள்ள ஏபி பாசிட்டிவ் ஒருவரைப் பின்தொடர்ந்து பாருங்கள். மூன்று வட்டங்களையும் கூட்டும்போது அவர் மூன்று முறை எண்ணப்பட்டார். மூன்று ஜோடிகளையும் கழித்தபோது மூன்று முறை நீக்கப்பட்டார். இப்போது அவர் கணக்கிலேயே இல்லை. கடைசி 15 அவரை ஒரே ஒரு முறை உள்ளே கொண்டுவருகிறது. ஜோடி அறையில் இருப்பவர் இரண்டு முறை எண்ணப்பட்டு, ஒரு முறை நீக்கப்பட்டு, சரியாக ஒன்றில் நிற்பார். தனி அறைக்காரரை யாரும் தொடவே இல்லை.

கடைசிக் கூட்டலை மறந்தவர்களுக்கு 180 வரும். ஓ நெகட்டிவ் 20 என்று எழுதுவார்கள். டி இல்லாதவர்களே 12 பேர்தான் என்று நினைத்துப் பார்த்தால் இந்தத் தவறு உடனே பிடிபடும்.

200 பேர் கொடுத்த முகாமில் 328 வந்தது எப்படி?

மூன்று வட்டங்களின் எண்களையும் கூட்டினால் 328. இது ஆட்களின் எண்ணிக்கை இல்லை. கட்டியான சொட்டுகளின் எண்ணிக்கை. தனி அறைகளில் உள்ள 77 பேர் ஆளுக்கு ஒரு சொட்டு, ஜோடி அறைகளில் உள்ள 103 பேர் ஆளுக்கு இரண்டு, நடு அறையில் உள்ள 15 பேர் ஆளுக்கு மூன்று. 77 + 206 + 45 = 328. அறைகளை நிரப்பியபின் செய்யக்கூடிய நம்பகமான சோதனை இது. மூன்று வட்டங்களின் மொத்தத்தை ஒரே வீச்சில் சரிபார்த்துவிடும்.

செய்தித்தாளில் "30 சதவீதம் பேரிடம் ஏ, 40 சதவீதம் பேரிடம் பி, 94 சதவீதம் பேரிடம் டி" என்று படித்துவிட்டு, 164 சதவீதமா என்று திகைக்க வேண்டியதில்லை. ஒரே ஆள் பல வட்டங்களில் இருக்கும்போது சதவீதங்கள் நூறைத் தாண்டும். அந்த 164 சொல்வதெல்லாம், சராசரியாக ஆளுக்கு 1.64 ஆன்டிஜென் என்பதுதான்.

"இரண்டு" என்றால் எந்த இரண்டு?

"சரியாக இரண்டு ஆன்டிஜென் உள்ளவர்கள்" என்று கேட்டால் மூன்று ஜோடி அறைகள் மட்டும்: 1 + 42 + 60 = 103. "குறைந்தது இரண்டு" என்றால் நடு அறையும் சேரும்: 118. "அதிகபட்சம் இரண்டு" என்றால் நடு அறையைத் தவிர எல்லோரும், வெளி அறை உட்பட: 200 − 15 = 185. கடைசிக் கேள்வியில்தான் பலர் வெளி அறையின் ஐந்து பேரை விட்டுவிடுவார்கள். ஒன்றும் இல்லாதவரும் "அதிகபட்சம் இரண்டு" என்ற நிபந்தனைக்குள் வருகிறார்.

படம் இல்லாமல் விரைவாகச் செய்ய: ஜோடிகளின் கூட்டுத்தொகை 148இல் நடு அறை மூன்று முறை புகுந்திருக்கிறது. மூன்றையும் நீக்கினால் 148 − 45 = 103; இரண்டை நீக்கி ஒன்றை விட்டுவைத்தால் 148 − 30 = 118.

பி பாசிட்டிவ் நோயாளிக்கு எத்தனை பேர் கொடுக்கலாம்?

சிவப்பணு ஏற்றும்போது அடிப்படை விதி ஒன்றுதான்: பெறுபவரிடம் இல்லாத ஆன்டிஜென் கொடுப்பவரிடம் இருக்கக் கூடாது. பி பாசிட்டிவ் நோயாளியிடம் இல்லாதது ஏ மட்டும். ஆகவே ஏ வட்டத்துக்கு வெளியே நிற்கும் எல்லோரும் தகுதியானவர்கள். எட்டு அறைகளையும் பார்க்கத் தேவையில்லை; 200 − 60 = 140. ஒரே கழித்தல்.

ஓ பாசிட்டிவ் நோயாளிக்கு ஏயும் கூடாது, பியும் கூடாது. ஏ அல்லது பி உள்ளவர்கள் 60 + 80 − 16 = 124; மீதி 76 பேர் கொடுக்கலாம். அறைகளில் பார்த்தாலும் ஓ பாசிட்டிவ் 71, ஓ நெகட்டிவ் 5, மொத்தம் 76.

ஏ நெகட்டிவ் நோயாளிக்கு பியும் டியும் கூடாது. தேறுவது ஏ நெகட்டிவ் 2, ஓ நெகட்டிவ் 5, ஆக 7 பேர். ஓ நெகட்டிவ் நோயாளிக்கு வெளி அறையின் 5 பேரைத் தவிர வேறு வழியில்லை. இருநூறு பேர் வந்த முகாமிலும் அவருக்கு உதவக்கூடியவர்கள் ஐந்தே பேர்.

நடைமுறையில் அதே குரூப் ரத்தத்தைத்தான் முதலில் தேடுவார்கள். ஏற்றும் முன் பெறுபவரின் ரத்தத்தோடு கலந்து 'கிராஸ் மேட்ச்' பார்ப்பார்கள். படம் சொல்வது யாரைச் சோதிக்கலாம் என்பதை. ஏற்றலாமா என்ற முடிவு ரத்த வங்கியினுடையது.

64 ஜோடிகளில் 27 பொருந்தும்

கொடுப்பவர் எட்டு வகை, பெறுபவர் எட்டு வகை. ஆக 64 ஜோடிகள். இவற்றில் எத்தனை ஜோடிகள் பொருந்தும்? பட்டியல் போடாமலே சொல்லிவிடலாம். ஓர் ஆன்டிஜெனை எடுத்துக்கொண்டால் நான்கு நிலைகள்: இருவரிடமும் உண்டு, இருவரிடமும் இல்லை, பெறுபவரிடம் மட்டும் உண்டு, கொடுப்பவரிடம் மட்டும் உண்டு. கடைசி ஒன்றுதான் தடை. மற்ற மூன்றும் சரி. மூன்று ஆன்டிஜெனுக்கும் சேர்த்து 3 × 3 × 3 = 27.

பெறுபவர் பக்கமிருந்து எண்ணினாலும் அதே விடை வரும். நடு அறைக்காரர் எட்டு வகையையும் பெறலாம். மூன்று ஜோடி அறைக்காரர்களும் ஆளுக்கு நான்கு வகை. மூன்று தனி அறைக்காரர்களும் ஆளுக்கு இரண்டு. வெளி அறைக்காரர் ஒன்று. 8 + 12 + 6 + 1 = 27.

நடு எண் தொலைந்தாலும் படம் வாய் திறக்கும்

மூன்றும் உள்ளவர்கள் 15 என்ற வரி தாளில் அழிந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். நடு அறைக்கு x என்று எழுதுங்கள். அது எந்த ஜோடியையும் விடப் பெரிதாக இருக்க முடியாது. ஆக x அதிகபட்சம் 16. ஏ வட்டத்தின் தனி அறை 60 − 16 − 57 + x, அதாவது x − 13. அது மைனஸ் ஆகக் கூடாது என்றால் x குறைந்தது 13. பி வட்டம் கேட்பது குறைந்தது 11; அது தானாகவே அடங்கிவிடும். மொத்தம் 200ஐத் தாண்டக் கூடாது என்ற நிபந்தனை x 20க்குள் இருக்கட்டும் என்கிறது, அதுவும் அடங்கிவிடும். ஆக விடை 13, 14, 15, 16 இவற்றில் ஒன்று.

ஓ நெகட்டிவ் 5 என்று தெரிந்தால் போதும்; 180 + x = 195 என்பதால் x 15 என்று உறுதியாகிவிடும்.

யாராவது "மூன்றும் உள்ளவர்கள் 10" என்று எழுதிக் கொடுத்தால், ஏ நெகட்டிவ் −3 ஆகிவிடும். அந்த ஏழு எண்களும் ஒரே முகாமில் எடுத்தவையாக இருக்க முடியாது. இப்படி எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று சோதிக்கும் முறையைப் பற்றி பிரிட்டிஷ் புள்ளியியலாளர் உட்னி யூல் 1901இல் ஒரு கட்டுரையே எழுதினார். நம் கல்லூரிகளின் புள்ளியியல் பாடத்தில் 'பண்புகள்' பகுதியில் வருவது அவர் வழிதான்.

'ஆலிஸ்' எழுதியவர் வெளி அறைக்குச் சுவர் கட்டினார்

லூயிஸ் கரோல் என்ற பெயரில் குழந்தைகளுக்குக் கதை எழுதியவர் ஆக்ஸ்போர்டில் கணிதம் கற்பித்த சார்ல்ஸ் டாட்சன். வென்படத்தில் வெளி அறைக்கு எல்லையே இல்லாமல் கிடப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. அவர் தன் படத்தை ஒரு பெரிய சதுரத்துக்குள் வரைந்தார்; அதை நெடுக்கிலும் குறுக்கிலும் நான்காகப் பிரித்து, நடுவே ஒரு சிறு சதுரம் போட்டார். எட்டு அறைகளுக்கும் சுவர் கிடைத்தது. இன்று நாம் வட்டங்களைச் சுற்றி அனைத்துக்கணத்துக்கு ஒரு செவ்வகம் போடுவதன் பயனும் இதுவே: வெளியே உள்ளவர்களுக்கும் ஓர் எண் எழுத இடம் வேண்டும்.

அவர் 1885இல் வெளியிட்ட புதிர் நூலில் ஒரு கணக்கு உண்டு. போர்வீரர்களில் 70 சதவீதம் பேர் ஒரு கண்ணையும், 75 சதவீதம் பேர் ஒரு காதையும், 80 சதவீதம் பேர் ஒரு கையையும், 85 சதவீதம் பேர் ஒரு காலையும் இழந்தார்கள். நான்கையும் இழந்தவர்கள் குறைந்தபட்சம் எத்தனை சதவீதம்? இழக்காதவர்களை எண்ணினால் வேலை சுலபம்: 30, 25, 20, 15. இந்த நால்வகையினரும் ஒருவரோடு ஒருவர் கலக்காமல் தனித்தனி ஆட்களாக இருந்தாலும் மொத்தம் 90தான். ஆக குறைந்தது 10 சதவீதம் பேர் நான்கையும் இழந்திருக்க வேண்டும்.

நான்காவது வட்டம் போட்டால் இரண்டு அறை குறையும்

பம்பாயில் 1952இல் மருத்துவர் பெண்டேயும் உடன் பணியாற்றியவர்களும் ஒரு புதிய ரத்த வகையை அறிவித்தார்கள். அந்த வகையினரின் ரத்தம் சாதாரணச் சோதனையில் ஓ போலவே தெரியும். ஆனால் ஓ ரத்தம்கூட அவர்களுக்கு ஒத்துக்கொள்ளாது. காரணம், மற்ற எல்லோருடைய சிவப்பணுவிலும் அடித்தளமாக இருக்கும் ஹெச் ஆன்டிஜென் அவர்களிடம் இல்லை. மூன்று வட்டப் படம் இவர்களை ஓ வகையினரோடு ஒரே அறையில் போட்டுவிடும். கேட்காத கேள்விக்குப் படத்தில் வட்டம் கிடையாது.

அப்படியானால் ஹெச்சுக்கு நான்காவது வட்டம் போடலாமே? 16 அறைகள் வேண்டும். ஆனால் ஒரு வட்டம் இன்னொரு வட்டத்தை அதிகபட்சம் இரண்டு இடத்தில்தான் வெட்டும். நான்காவது வட்டம் முந்தைய மூன்றையும் ஆறு இடங்களில் வெட்டி, ஆறு துண்டுகளாகும். ஒவ்வொரு துண்டும் ஓர் அறையை இரண்டாக்கும். எட்டோடு ஆறு சேர்ந்தால் 14தான். இரண்டு அறைகள் எப்படி வரைந்தாலும் கிடைக்காது. வென் இதை அறிந்தே நான்குக்கு நீள்வட்டங்களைப் பயன்படுத்தினார். வினாத்தாளில் நான்கு முழு வட்டங்கள் வரைந்த 'வென்படம்' வந்தால் அதில் சில பேருக்கு வீடே இல்லை என்று பொருள்.

நீங்களே சரிபார்க்க ஒரு கணக்கு

1 முதல் 100 வரை உள்ள எண்களில் 2, 3, 5 எதனாலும் வகுபடாதவை எத்தனை? 2ஆல் வகுபடுபவை 50, 3ஆல் 33, 5ஆல் 20. ஜோடிகள்: 6ஆல் 16, 10ஆல் 10, 15ஆல் 6. மூன்றாலும், அதாவது 30ஆல், 3.

103 − 32 + 3 = 74. மீதி 26. இந்த 26 எண்களையும் தாளில் எழுதிப் பாருங்கள். அவற்றில் 1, 49, 77, 91 ஆகிய நான்கு போக மற்ற 22ம் பகா எண்கள். விட்டுப்போன 2, 3, 5ஐச் சேர்த்தால் நூறுக்குள் உள்ள பகா எண்கள் 25.